பாதி வோல்ட்டைத் தொட எவ்வளவு நேரம்: எட்டு மீட்டர் கேபிளை இழுத்த ஒரு CD4069

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கோயில் வாசலில் தைப்பூசத்துக்கு வைக்கும் எல்இடி அலங்காரப் பலகை இது. முன்பு நான்கு துண்டுகளாக இருந்ததை இந்த முறை பன்னிரண்டு துண்டுகளாக நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் 74HC595 என்ற ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லு இருக்கிறது, அதன் எட்டு வெளியீடுகளும் டிரான்சிஸ்டர் வழியாக எட்டு விளக்கு வரிசைகளை ஏற்றி அணைக்கின்றன. டேட்டா ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கைமாறிப் போகும். கிளாக் மட்டும் ஒரே கம்பியாக எல்லாத் துண்டுகளையும் தொட்டுக்கொண்டு எட்டு மீட்டர் ரிப்பன் கேபிளில் ஓடும். அந்தக் கிளாக்கைத் தள்ளுவது கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் CD4069UB என்ற ஆறு இன்வெர்ட்டர் சில்லு. ஆர்டுயினோ நானோ பலகையிலிருந்து வரும் கிளாக் அதன் இரண்டு இன்வெர்ட்டர்கள் வழியாகப் புகுந்து கேபிளுக்குப் போகிறது.

கோளாறு என்னவென்றால், ஏழாவது துண்டு வரை விளக்குகள் ஒழுங்காக ஓடும். எட்டாவதிலிருந்து எல்லாமே ஒரு விளக்கு முன்னால் தள்ளி எரியும். எப்போதாவது சரியாகி, மறுபடியும் தள்ளிவிடும்.

வயரிங் செய்யும் அண்ணன் என்னிடம் பெட்டியைக் கொடுக்கும்போதே, "வேகத்தைக் கொறைச்சுப் பாரு தம்பி, கேபிள் நீளமாயிடுச்சுல்ல" என்றார். நியாயமான யோசனைதான். கிளாக்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன், அப்புறம் நூறில் ஒரு பங்காக. கோளாறில் துளி மாற்றம் இல்லை. இது ஒரு நல்ல தடயம். ஒரு நொடிக்கு எத்தனை கிளாக் என்பது பிரச்சினையாக இருந்தால், வேகம் குறையும்போது பிழையும் குறைந்திருக்கும். எத்தனை மெதுவாக ஓட்டினாலும் ஒவ்வொரு கிளாக் விளிம்பும் அதே சரிவில்தான் ஏறுகிறது. எனவே பார்க்க வேண்டியது விளிம்பை.

இரண்டாவது தடயமும் கிடைத்தது. ஏழாவது துண்டையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன். பிழை நான்காவது துண்டிலிருந்து தொடங்கியது. அதாவது கேபிளின் ஓர் இடத்தில் கோளாறு இல்லை. அந்தக் குறிப்பிட்ட துண்டுக்குப் பின்னால் எது வந்தாலும் அது தடுமாறுகிறது. துண்டுகளைப் பழையபடி வைத்துவிட்டு, CD4069UB-ஐப் பெட்டியிலிருந்து பிடுங்கி பிரெட்போர்டில் வைத்தேன். அது எவ்வளவு கொள்ளளவை எவ்வளவு நேரத்தில் இழுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்த அளவீட்டுக்கு CD4069UB மாதிரி வசதியான சில்லு கிடைப்பது அரிது. உள்ளே ஒவ்வொரு இன்வெர்ட்டரும் ஒரே ஒரு பி-டிரான்சிஸ்டர், ஒரே ஒரு என்-டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். B என்று மட்டும் முடியும் சில்லுகளில் உள்ளே மூன்று படிகள் இருப்பதால், வெளியே தெரியும் தாமதத்தில் எது எந்தப் படியுடையது என்று பிரிக்க முடியாது. UB-யில் உள்ளீடு நேராக வெளியீட்டை ஆட்டுகிறது. வெளியீடு மேலே ஏறும்போது பி-டிரான்சிஸ்டர் ஒரு மின்தடை மாதிரி நடந்து வெளியே இருக்கும் கொள்ளளவை நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு இவ்வளவுதான்:

```
V(t) = VDD * (1 - exp(-t / RC))
V = VDD/2  =>  t = RC * ln 2 = 0.69 * RC
```

ஏன் பாதி? அடுத்து இருக்கும் சீமாஸ் உள்ளீடு தன் மனத்தை மாற்றிக்கொள்வது ஏறத்தாழ அங்கேதான். 5 வோல்ட் சப்ளையில் 2.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில். தயாரிப்பாளர்களின் தரவுத்தாளிலும் பரவல் தாமதம் என்பது உள்ளீட்டின் 50 சதவீதப் புள்ளியிலிருந்து வெளியீட்டின் 50 சதவீதப் புள்ளி வரையிலான நேரம்தான். RC முழுவதும் கடந்தால் 63 சதவீதம் வந்துவிடும். அதுவரை காத்திருக்கும் கேட் எதுவும் இல்லை. அதனால்தான் 0.69.

அளந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எண்கள் கெட்டுப்போவது இங்கேதான். சில்லின் 14, 7 கால்களுக்கு நடுவே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரை ஒட்டி வைக்க வேண்டும். பயன்படுத்தாத ஐந்து இன்வெர்ட்டர்களின் உள்ளீடுகளையும் தரையோடு கட்ட வேண்டும். UB சில்லில் உள்ளீடு அந்தரத்தில் தொங்கினால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதித் திறப்பில் நின்று மின்சாரம் குடிக்கும், சில நேரம் தானே அலையும். உள்ளீட்டுக்கு நானோவிலிருந்து சதுர அலை கொடுத்தேன்:

```
tone(9, 20000);
```

20 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் அரை அலை 25 மைக்ரோ நொடி. அடுத்த விளிம்பு வருவதற்குள் கெப்பாசிட்டர் முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும், RC-யைப் போல ஐந்து மடங்காவது இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் அலை முழு 5 வோல்ட்டையும் தொடாமல், அடியிலும் சுழியத்துக்கு இறங்காமல், இடையிலிருந்தே புறப்படும். பாதிப் புள்ளி சீக்கிரம் வந்த மாதிரி பொய் சொல்லும். ஸ்கோப்பில் மேற்பகுதி தட்டையாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இரண்டு புரோப்களும் 10X நிலையில் இருக்க வேண்டும். 1X-இல் வைத்தால் புரோப்பே கிட்டத்தட்ட 100 பிக்கோ ஃபாரட் சுமையை ஏற்றிவிடும். 10X-இல் என்னுடைய புரோப்பின் மீது 13 பிக்கோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. பிரெட்போர்டுக்கு ஐந்து என்று சேர்த்து, கெப்பாசிட்டர் எதுவும் வைக்காமலே 18 பிக்கோ ஃபாரட் சுமை இருப்பதாகக் கணக்கு வைத்தேன். கெப்பாசிட்டர்கள் C0G வகை, ஐந்து சதவீதத் துல்லியம். புடுவில் ஜாலான் பசார் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கைக்கு வருவதைக் கொடுத்துவிடுவார்கள், அதில் மதிப்பு எங்கே நிற்கும் என்று நம்ப முடியாது.

ஏறும் விளிம்பில், உள்ளீட்டின் 2.5 வோல்ட்டிலிருந்து வெளியீட்டின் 2.5 வோல்ட்டுக்குக் கர்சர் வைத்துப் படித்தவை:

```
C (pF)     t (ns)
0          38
100        107
220        193
470        366
1000       735
```

இதை வரைபடத் தாளில் வைத்தால் நேர்க்கோடு. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை 1000 பிக்கோ ஃபாரட்டுக்கு 697 நானோ நொடி. ஒரு பிக்கோ ஃபாரட்டுக்கு 0.697. அதை 0.693-ஆல் வகுத்தால் 1006 ஓம் வருகிறது, ஒரு கிலோ ஓம் என்றே வைத்துக்கொள்ளலாம். கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அந்த 18 பிக்கோ ஃபாரட்டையும் கழித்தால் 25 நானோ நொடி மிஞ்சுகிறது. அது சில்லுக்குள்ளேயே போகும் நேரம், வெளிச்சுமை எதுவானாலும் அது இருக்கும். தரவுத்தாளில் 5 வோல்ட்டுக்கும் 50 பிக்கோ ஃபாரட்டுக்கும் வழக்கமான தாமதம் 55 நானோ நொடி என்று இருக்கிறது. என் கணக்கில் 25-உம் 50-ஐ 0.697-ஆல் பெருக்கிய 35-உம் சேர்ந்து 60. கையிலிருக்கும் சில்லுக்கு இது நல்ல பொருத்தம்.

இந்த ஒரு கிலோ ஓம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அதே தரவுத்தாளில் வெளியீடு 4.6 வோல்ட்டில் நிற்கும்போது வழக்கமாக 1 மில்லி ஆம்பியர் கொடுக்கும் என்று இருக்கும். 0.4 வோல்ட்டை 1 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 400 ஓம். பலர் இதை எடுத்து RC-யில் போட்டு, அளந்த தாமதம் இரண்டரை மடங்கு அதிகமாக வருவதைக் கண்டு ஸ்கோப்பைச் சந்தேகப்படுவார்கள். 400 ஓம் என்பது டிரான்சிஸ்டரின் குறுக்கே மிகக் குறைந்த வோல்ட் இருக்கும்போது உள்ள மின்தடை. விளிம்பு புறப்படும்போது அதன் குறுக்கே முழு 5 வோல்ட்டும் நிற்கிறது. அப்போது அது மின்தடை மாதிரி நடக்காது, ஏறத்தாழ மாறாத ஒரு மின்னோட்டத்தைத்தான் விடும். 2.5 வோல்ட்டில் வழக்கமான மின்னோட்டம் 3.2 மில்லி ஆம்பியர் என்று அதே தாளில் இருக்கிறது.

ஸ்கோப்பிலும் அது அப்படியே தெரிந்தது. 470 பிக்கோ ஃபாரட் வைத்த விளிம்பு பாடப்புத்தகத்து வளைவாக ஏறவில்லை. சுழியத்திலிருந்து பாதியைத் தாண்டும் வரை கிட்டத்தட்ட நேர்க்கோடு, அதற்குப் பின்தான் வளைந்து 5 வோல்ட்டை நோக்கிப் படுக்கிறது. அதுவும் ஒரு கிலோ ஓம் கணக்கு சொல்வதைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்கிறது, ஏனென்றால் கடைசிப் பகுதியில் உண்மையான மின்தடை 400 ஓம்தான். ஆகவே பாதிப் புள்ளியை வைத்து எடுத்த R பாதிப் புள்ளிக்கு மட்டுமே சரி. அதை வைத்து 90 சதவீத நேரம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது.

சரி, இனி கோயில் கேபிள். மல்ட்டிமீட்டரின் கொள்ளளவு அளவையில், மற்ற கம்பிகளைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டு கிளாக் கம்பியை அளந்தால் 410 பிக்கோ ஃபாரட். எட்டு மீட்டருக்கு அது மீட்டருக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். பன்னிரண்டு 74HC595-களின் கிளாக் உள்ளீடுகள் தலா மூன்று முதல் ஐந்து பிக்கோ ஃபாரட். மொத்தம் 60 என்று தாராளமாகவே வைத்தேன். புரோப் 13. கூட்டினால் 483.

```
t = 25 + 0.697 * 483 = 362 ns
```

சில்லைப் பெட்டியில் திரும்பப் போட்டு, முழுக் கேபிளோடு அளந்தபோது 355 நானோ நொடி வந்தது. கேபிள் ஒரு கெப்பாசிட்டர் மாதிரியே நடந்துகொள்கிறது என்பதற்கு இதுவே சான்று. அப்படி நடக்கக் காரணமும் உண்டு. கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 5 நானோ நொடி, எட்டு மீட்டருக்கு 40. விளிம்பு பாதிக்கு ஏறவே 350 எடுக்கும்போது, கேபிளின் இரு முனைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறுகின்றன.

ஆனால் 355 நானோ நொடி தாமதம் மட்டும் பலகையைக் கெடுக்காது. எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே தாமதம் என்றால் எல்லாமே ஒன்றாகப் பிந்தும், யாருக்கும் நஷ்டமில்லை. கெடுப்பது அந்தப் பாதிப் புள்ளி எல்லாச் சில்லுக்கும் ஒரே இடத்தில் இல்லாததுதான்.

74HC595 தன் கிளாக் மாறியதாக எடுத்துக்கொள்ளும் வோல்ட் 2.5-க்குப் பக்கத்தில் என்றேன். பக்கத்தில் என்பது தொகுதிக்குத் தொகுதி, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. பழைய நான்கு துண்டுகளில் ஒரு வகைச் சில்லு, புதிய எட்டில் இரண்டு வகை கலந்து. ஏழாவது துண்டில் ஒரு புரோப்பைக் கிளாக்கிலும் மற்றதை அடுத்த துண்டுக்குப் போகும் `QH'` காலிலும் வைத்தேன். `QH'` மாறும் நொடியில் கிளாக் 2.41 வோல்ட்டில் இருந்தது. கிளாக் வந்து `QH'` மாற வழக்கமாக 17 நானோ நொடி ஆகும். பாதிப் புள்ளியில் இந்த விளிம்பின் சரிவு, ஸ்கோப்பில் படித்தபடி, நானோ நொடிக்கு 6.5 மில்லி வோல்ட். 17 நானோ நொடிக்கு 0.11 வோல்ட். ஆக ஏழாவது சில்லு 2.3 வோல்ட்டிலேயே கிளாக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. எட்டாவதிலும் அதே மாதிரி பார்த்தால் 2.5 வோல்ட்.

இந்த 0.2 வோல்ட் வேறுபாடு இந்தச் சரிவில் 31 நானோ நொடி. ஏழாவது சில்லு தன் கிளாக்கைப் பார்த்த 17 நானோ நொடியில் புதிய டேட்டாவை வெளியே தள்ளிவிடுகிறது. எட்டாவது இன்னும் 14 நானோ நொடி கழித்துத்தான் தன் கிளாக்கைப் பார்க்கிறது. அதற்குள் வாசலில் நிற்பது அடுத்த முறைக்கு வர வேண்டிய டேட்டா, அதையே எடுத்துக்கொள்கிறது. விளக்கு ஒன்று முன்னால் தள்ளிப் போவது இதனால்தான். வேகத்தைக் குறைத்தாலும் மாறாததும், துண்டை மாற்றினால் பிழையும் கூடவே போனதும் இதோடு பொருந்துகின்றன. முன்னால் இருப்பது சீக்கிரம் விழிப்பதாகவும் பின்னால் இருப்பது தாமதமாக விழிப்பதாகவும் அமைந்த சந்தியில் மட்டும்தான் இது நடக்கும். தலைகீழாக அமைந்தால் ஒன்றும் ஆகாது.

நான்கு துண்டுகளாக இருந்தபோது ஏன் ஓடியது என்பதற்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. அப்போது கேபிள் இரண்டரை மீட்டர், மொத்தச் சுமை 160 பிக்கோ ஃபாரட் அளவில். விளிம்பு மூன்று மடங்கு செங்குத்து. அதே 0.2 வோல்ட் வேறுபாடு இருந்திருந்தாலும் அது பத்து நானோ நொடிதான், 17-க்குள் அடங்கிவிடும்.

தீர்வு R-ஐக் குறைப்பது. 74HC04-இன் கால் அமைப்பு CD4069UB-இன் கால் அமைப்பேதான். சப்ளை 5 வோல்ட்டாக இருக்கும்வரை சாக்கெட்டில் ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் செருகலாம். CD4069UB பதினெட்டு வோல்ட் வரை தாங்கும், 74HC04 ஆறு வோல்ட்டோடு சரி, எனவே 12 வோல்ட்டில் ஓடும் பழைய பெட்டிகளில் இதைச் செய்யவே கூடாது. 74HC04-இன் வெளியீட்டு மின்தடை ஏறத்தாழ 50 ஓம்.

இங்கே 0.69RC-யை மறுபடி போட்டால் 50 ஓம், 470 பிக்கோ ஃபாரட், 16 நானோ நொடி என்று வரும். அது நடக்காது. கேபிளின் கடைக்கோடிக்குச் சிக்னல் போய்ச் சேரவே 40 நானோ நொடி வேண்டும். தள்ளுபவன் இவ்வளவு வலுவாகிவிட்டால் கேபிள் இனி ஒரே கெப்பாசிட்டர் இல்லை. அது அலை ஓடும் பாதை. மீட்டருக்கு 5 நானோ நொடி, மீட்டருக்கு 50 பிக்கோ ஃபாரட் என்றால் அதன் மின்மறுப்பு 100 ஓம். 50 ஓம் மூலம் 100 ஓம் பாதையைப் பார்க்கும்போது முதல் அடியில் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, 3.3 வோல்ட், கிளம்புகிறது. இது எனக்குச் சாதகம்: வழியிலுள்ள ஒவ்வொரு துண்டும் முதல் அடியிலேயே பாதிப் புள்ளியைத் தாண்டிவிடுகிறது. ஆனால் திறந்த கடைக்கோடியில் அந்த 3.3 இரட்டித்து மேலே துள்ளியது. உள்ளீட்டு டையோடுகள் பிடித்து நிறுத்த, ஸ்கோப்பில் 5.8 வோல்ட் வரை போய்ப் பின்னும் முன்னும் ஆடியது.

அந்த ஆட்டத்தில் எதுவும் 2.5-க்குக் கீழே இறங்கவில்லை, விளக்குகளும் சரியாகவே ஓடின. இருந்தாலும் ஒவ்வொரு கிளாக்குக்கும் டையோடு வழியாக மின்சாரம் தள்ளுவதை நான் விட்டு வைக்க விரும்பவில்லை. கடைசித் துண்டில் கிளாக்குக்கும் தரைக்கும் நடுவே 100 ஓம் மின்தடையும் 470 பிக்கோ ஃபாரட்டும் தொடராக வைத்தேன். விளிம்பு வரும்போது அது 100 ஓமாகத் தெரிந்து அலையை விழுங்கிவிடுகிறது. விளிம்பு போன பிறகு கெப்பாசிட்டர் அடைத்துக்கொள்வதால் சும்மா நிற்கும்போது மின்சாரம் வீணாவதில்லை. இப்போது கடைக்கோடியில் 3.3-க்கு ஒரே தாவல், அங்கிருந்து மெதுவாக 5-க்கு ஏற்றம், துள்ளல் இல்லை. மூலத்தின் பக்கம் 50 ஓம் தொடர்த் தடை வைப்பது இன்னொரு வழி. ஒற்றை உள்ளீடு கடைசியில் இருந்தால் அதுவே போதும். இங்கே அது ஆகாது. மூலம் 100 ஓமாகிவிட்டால் முதல் அடி சரியாக 2.5 வோல்ட்டில் நிற்கும், நடுவிலுள்ள துண்டுகள் எதிரொலி திரும்பி வரும்வரை பாதிப் புள்ளியிலேயே தத்தளிக்கும்.

ஏழாவது, எட்டாவது சந்தியில் மறுபடி அளந்தேன். 0.2 வோல்ட் வேறுபாடு இன்னும் இருக்கிறது, சில்லுகள் அதே சில்லுகள்தானே. ஆனால் அது இப்போது ஓரிரு நானோ நொடி, என் 100 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப்பால் ஒழுங்காகப் பிரித்துக் காட்டவும் முடியாத அளவு. கேபிளில் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கிளாக் போக மூன்று, நான்கு நானோ நொடி. அதையும் சேர்த்தால்கூட 17-க்கு மிகவும் கீழே.

அண்ணன் அடுத்த ஆண்டு இன்னும் எட்டுத் துண்டு சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சேர்க்கலாம். அந்த 100 ஓமையும் 470 பிக்கோ ஃபாரட்டையும் பன்னிரண்டாவதிலிருந்து கழற்றி இருபதாவது துண்டுக்கு மாற்ற வேண்டும். பெட்டிக்குள் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன்.